மச்சினனின் தோள்பட்டையும் வீட்டு வைத்தியர்களும்

என் மச்சினன் பனியனைக் கழற்றப் போய், அது தலையோடு சிக்கிக்கொண்டு, "அக்கா... அக்கா..." என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தபோதுதான் அவனுக்கு வலது தோளில் வலி இருக்கிற விஷயம் வீட்டுக்கே தெரிந்தது. என் மனைவி ஓடிப்போய் பனியனை உருவி எடுத்துவிட்டு, "எத்தனை நாளாடா?" என்றாள். "சும்மா லேசாத்தான்" என்றான். ஜிம்முக்குப் போகிறவர்கள் அகராதியில் 'லேசா' என்றால் ஒரு மாதம் என்று பொருள்.

அவ்வளவுதான், வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. என் அத்தை வாயு என்று முடிவு செய்து இரண்டு பல் பூண்டைச் சுட்டு எடுத்து வந்தார். எதிர்வீட்டுப் பெரியவர் சுளுக்கு என்று சொல்லி, இரண்டு கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு தயாராக நின்றார். ஜிம் மாஸ்டரோ, "செஸ்ட் விரியுது தம்பி, வலிக்கத்தான் செய்யும்" என்று ஆசீர்வாதமே கொடுத்துவிட்டார். கூடப் பயிற்சி செய்கிற பையன் ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போய், வெயிட் பத்தாததால்தான் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பையனை நான் பார்த்திருக்கிறேன். அவன் சட்டைக்கு மேல் பட்டன் எப்போதும் போட்டதில்லை.

"மாமா, நீங்க சொல்லுங்க" என்றான். அவன் போடுகிற பெஞ்ச் பிரஸ்ஸை, அதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை மாட்டிய ராடை நெஞ்சு வரை இறக்கி மேலே தள்ளுகிற பயிற்சியை, நானும் பல வருஷமாகச் செய்கிறவன். எனக்கு ஒருமுறை தோள் பிடித்துக்கொண்டபோது பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய்வந்த அனுபவமும் உண்டு. அவர் முதலில் கேட்ட கேள்விகளையே நானும் கேட்டேன். ராத்திரி அந்தப் பக்கம் படுக்கும்போது வலியில் தூக்கம் கலைகிறதா? கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பலமில்லாமல் விழுகிறதா? முழங்கைக்குக் கீழே மரத்துப்போகிறதா? கீழே விழுந்தோ, தோளில் 'டக்' என்று சத்தம் கேட்டோ ஆரம்பித்ததா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் நேரே டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். வலி எங்கே என்று கேட்டதும் ஒரே விரலால் தோளின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான். எப்போது? ராடு நெஞ்சைத் தொடுவதற்கு நான்கு விரற்கடை இருக்கும்போது. மேலே தள்ளியதும் போய்விடுகிறது. பனியன் கழற்றும்போது மறுபடி வருகிறது.

"சரி மாப்ள, நாளைக்கு நானும் வர்றேன்" என்றேன்.

திங்கட்கிழமை. ஜிம்மில் பெஞ்சுக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உலகத்தில் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் செஸ்ட். ஒருவழியாக இடம் கிடைத்து, அவன் 60 கிலோ போட்டான். நான் கால் பக்கம் நின்று பார்த்தேன்.

ராடில் இரண்டு பக்கமும் மழமழவென்று ஒரு வளையம் இருக்கும் இல்லையா, போட்டி ராடுகளில் அந்த இரண்டுக்கும் இடைவெளி 81 சென்டிமீட்டர். இவன் ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்துப் பிடித்திருந்தான். அதாவது, உள்ளங்கைகள் அந்த வளையங்களுக்கும் வெளியே. கீழே இறக்கும்போது இரண்டு முழங்கையும் தோளுக்கு நேராக, உடம்போடு 90 டிகிரியில் விரிந்து நின்றன. ராடு வந்து இறங்கிய இடம் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே. இன்னும் கொஞ்சம் விட்டால் கழுத்துக்கே வந்திருக்கும். அகலப் பிடி, விரிந்த முழங்கை, உயரத்தில் இறங்கும் ராடு, இந்த மூன்றும் சேர்ந்தால் மேல்கை எலும்பு அடிமட்டத்தில் பின்னால் அதிகம் போய், அதன் தலை மூட்டின் முன்பக்கத்தை நெருக்கும். அங்கே இருக்கிற தசைநாண்கள்தான் அந்த இழுவையைத் தாங்க வேண்டும். ஒரு தடவை செய்தால் ஒன்றுமில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் 60 கிலோவை வைத்துக்கொண்டு செய்தால் அவை முறையிடத்தானே செய்யும்?

மூன்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படிச் செய்தால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. முதலில் எடையை 40-க்கு இறக்கினோம். இதற்கே அரைமணி நேரம் பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் பக்கத்து பெஞ்சில் கல்லூரிப் பையன்கள். 40-ல், பழைய பிடியிலேயே, வலி வந்தது. குறைவாக, ஆனால் அதே இடத்தில். ஆக, எடை மட்டும் காரணமில்லை.

அடுத்தது பிடி. இதற்கு வீட்டில் என் மனைவியின் தையல் டேப்பை எடுத்து வந்திருந்தேன். தோளின் வெளி ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பிலிருந்து மறுபக்க எலும்பு வரை அளந்தால் 40 சென்டிமீட்டர். ராடில் இரண்டு கைகளுக்கும் நடுவே இதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் அகலம் போகாமல் பார்த்துக்கொள்வது தோளுக்கு நல்லது என்று சொல்வார்கள். அவன் கணக்குக்கு 60. ஜிம்முக்குள் ஒருவன் இன்னொருவனுக்குத் தையல் டேப் வைத்து அளவெடுத்தால் என்ன ஆகும்? "என்னண்ணே, ஜாக்கெட் தைக்கிறீங்களா?" என்று குரல் வந்தது. மச்சினன் முகம் சிவந்துவிட்டது. நான் அளவை முடித்து, ராடில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன்.

பிடி சரியா என்று பார்க்க அளவை விட சுலபமான வழி ஒன்று உண்டு. ராடு நெஞ்சில் இருக்கும்போது கால் பக்கத்திலிருந்து பார்த்தால் முன்கை நிமிர்ந்து செங்குத்தாக இருக்க வேண்டும். மணிக்கட்டு முழங்கைக்கு நேர் மேலே. மணிக்கட்டு வெளியே சாய்ந்தால் பிடி அகலம், உள்ளே சாய்ந்தால் குறுகல். குறுகலாகப் போய்விட்டால் தோளுக்குப் பதிலாக மணிக்கட்டும் முழங்கையும் வலிக்க ஆரம்பிக்கும். அது ஒரு நோயைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிற வேலை. பிடி மாறியதும் வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் போகவில்லை.

மிச்சம் இருந்தது முழங்கை. "உடம்போட சேர்த்து வை" என்றதும் அவன் விலாவோடு ஒட்டியே வைத்துவிட்டான். அப்போது ராடு வயிற்றை நோக்கி நகர்ந்தது, முழு வேலையும் கையின் பின்பக்கத் தசைக்குப் போனது. ஒட்டவும் கூடாது, விரியவும் கூடாது. மேலேயிருந்து பார்த்தால் தலையும் இரண்டு மேல்கையும் சேர்ந்து அம்புக்குறி போலத் தெரிய வேண்டும். 45-லிருந்து 60 டிகிரிக்குள் எங்கேயாவது. முழங்கை உள்ளே வந்தால் ராடு தொடுகிற இடமும் கீழே வந்தாக வேண்டும், மார்க்காம்புக்குச் சற்றுக் கீழே. இதை மாற்றாமல் முழங்கையை மட்டும் மாற்றுகிறவர்கள்தான் 'எனக்கு இது ஒத்துவரலை' என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் படுக்கும்போதே தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் சேர்த்து பெஞ்சில் அழுத்திக்கொள்ளச் சொன்னேன். ராடு நேர்கோட்டில் போகாது. கீழே நெஞ்சின் கீழ்ப்பகுதி, மேலே தோளுக்கு நேர், லேசாகச் சாய்வாக.

40 கிலோ, எட்டு ரெப்ஸ். "எப்படி இருக்கு?" "ஒண்ணுமே இல்ல மாமா." ஜாக்கெட் விஷயம் மறந்து சிரித்தான்.

இங்கேயே பதிவு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், வாரம் ஒன்று ஓடியும் காலையில் எழுந்தால் தோள் பிடித்துக்கொண்டே இருந்தது. பத்துக்கு மூன்றுக்குள் வலி இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் எடை சரி; மறுநாளும் இருந்தால் அதிகம், இதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஜிம்மில் சுத்தமாக வலியில்லை, காலையில் மட்டும் வலி என்பது கணக்கில் இடிக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தை, "நான்தான் வாயுன்னு சொன்னேனே" என்று பூண்டுத் தட்டோடு வந்தார்.

குட்டை உடைத்தது என் பெண். "மாமா தினமும் மொட்டைமாடியில தண்டால் எடுக்குறார்ப்பா. யாருகிட்டயும் சொல்லாதேன்னு சாக்லேட் குடுத்தார்."

பிடித்து விசாரித்தேன். ஜிம்மில் வெயிட் குறைத்துவிட்டதால் உடம்பு இளைத்துவிடுமோ என்ற பயத்தில், ஈடுகட்ட, ராத்திரி நாற்பது தண்டால். "அது சும்மா உடம்பு வெயிட்தானே மாமா, லேசு" என்றான். மறுபடியும் அந்த லேசு! சாதாரண தண்டாலில் கைகள் மேல் விழுவது உடல் எடையில் சுமார் 64 சதவீதம். இவன் 84 கிலோ. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 54 கிலோ. பகலில் டேப் வைத்து அளந்து, சண்டை போட்டு 40-க்கு இறக்கியவன், ராத்திரி நிலா வெளிச்சத்தில் 54 கிலோவை நாற்பது தடவை தள்ளிக்கொண்டிருக்கிறான். அதுவும் எப்படி? கைகளைக் காதுக்கு நேரே அகலமாக ஊன்றி, முழங்கை 90 டிகிரியில் விரித்து. ஜிம்மில் விட்டதை எல்லாம் மொட்டைமாடியில் பத்திரமாக வைத்திருந்தான்.

தண்டாலை நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டான் என்று தெரியும். அதனால் எடையைக் குறைக்கிற வழியைச் சொன்னேன். கை ஊன்றுகிற இடம் உயர உயர, கையில் விழுகிற பாரம் குறையும். 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஊன்றினால் சுமார் 55 சதவீதம், 60 சென்டிமீட்டரில் சுமார் 41. இவனுக்கு அது 34 கிலோ. மாடித் தண்ணீர்த் தொட்டி மேடை ஏறக்குறைய அந்த உயரம்தான். கைகளை நெஞ்சுக்கு நேராக, தோளை விடச் சற்று அகலமாக ஊன்றி, இறங்கும்போது முழங்கை பின்பக்கமாகச் சாய வேண்டும். எண்ணிக்கை பன்னிரண்டு, இரண்டு செட், அதுவும் பெஞ்ச் போடாத நாளில். முதல் நாள் நானே கூட நின்றேன். கீழ் வீட்டு அம்மா துணி எடுக்க வந்து, இரண்டு ஆம்பிளைகள் தண்ணீர்த் தொட்டியைக் கும்பிட்டுக் கும்பிட்டு எழுவதைப் பார்த்துவிட்டுத் துணியை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டார்.

பத்து நாளில் காலை வலி நின்றது. பனியனும் ஒழுங்காகக் கழன்று வந்தது. அதன் பிறகு வாரத்துக்கு இரண்டரை கிலோவாக ஏற்றினோம். 50 வரை பிரச்சினையே இல்லை. 55-ல் ஒருநாள் கடைசி ரெப்பில் முழங்கை தன்னால் விரிந்து லேசாக எட்டிப் பார்த்தது, அடுத்த தடவை இரண்டு ரெப்ஸ் குறைத்துக்கொண்டான். 60 வைத்தால் மட்டும் முன்பக்கத்தில் இன்னும் ஒரு இழுப்பு இருக்கிறது. அதனால் இப்போதைக்கு 57.5-லேயே நிற்கிறான். யாராவது கேட்டால் 60 என்றுதான் சொல்கிறான்; அந்தச் சின்ன பிளேட்டுகளைப் பெரிய பிளேட்டுக்கு உட்பக்கமாக ஒளித்துப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறான்.