மூன்றே பிரேமில் முடியும் வாள்வீச்சுக்கு முழுவளைவான தடம்

என் விளையாட்டில் ஒரு வாள்வீச்சு 120 பாகையை 0.15 வினாடியில் கடக்கிறது. வினாடிக்கு 60 பிரேம் ஓடியவரை அதன் தடம் அழகாகவே தெரிந்தது. 20-க்கு இறங்கியதும் அந்த வீச்சுக்குக் கிடைத்தவை மூன்றே பிரேம்கள். பிறையாக வளைய வேண்டிய ஒளிப்பட்டை மூன்று தட்டைப் பலகைகளாக உடைந்துபோனது. தோளிலிருந்து வாள்முனை 1.5 மீட்டர் தள்ளி இருந்தால், 40 பாகையை நேர்கோட்டால் கடக்கும் பட்டை நடுவில் சுமார் 9 சென்டிமீட்டர் உள்வாங்கிவிடும்.

வாளின் எலும்பில் அடி, முனை என இரு புள்ளிகள் வைத்து, பிரேமுக்கு ஒரு சோடியாகப் பதிந்து, அவற்றை முக்கோணங்களால் இணைத்திருந்தேன். முதலில் அந்தப் புள்ளிகளின் வழியே கேட்மல்-ரோம் வளைவை ஓட்டினேன். நடுப்பகுதி நன்றாகவே வந்தது. ஆனால் வாளை ஒட்டிய கடைசித் துண்டுக்கு அடுத்த புள்ளி இன்னும் பிறந்திருக்காது. ஊகித்து வரைந்த அந்தத் துண்டு, அடுத்த பிரேமில் உண்மைப் புள்ளி வந்ததும் வடிவம் மாறித் துள்ளியது. விளையாடுபவரின் பார்வை நிற்பதே அங்கேதான். அதை என்னால் விட்டுவிட முடியவில்லை.

இடைப்பட்ட நிலைகளை ஊகிக்காமல் அனிமேஷனிடமே கேட்டுவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஒவ்வொரு தாக்குதலுக்கும் பாத்திரத்தின் மூலப்புள்ளியைச் சார்ந்த அடி, முனை இருப்பிடங்களை வினாடிக்கு 240 முறை பதிந்து அட்டவணையாக்கினேன். ஓட்டத்தின்போது ஒவ்வொரு பிரேம் இடைவெளியையும் எட்டாகப் பிரித்து, அட்டவணையிலிருந்து எடுத்து, பாத்திரம் நகர்ந்த அளவையும் சேர்த்தேன். பிழை 2 மில்லிமீட்டருக்குள் அடங்கியது. இரு அனிமேஷன்கள் கலக்கும்போது மட்டும் அட்டவணையும் உண்மையான எலும்பும் விலகின. பிரேமின் இரு முனைகளிலும் உண்மை நிலை கையில் இருப்பதால், அங்குள்ள வித்தியாசத்தை இடைப்புள்ளிகளுக்குப் பகிர்ந்தளித்தேன். எலும்பை அனிமேஷன் கணக்கு முடிந்த பிறகே படிக்க வேண்டும். முந்தினால் பட்டை ஒரு பிரேம் பின்தங்கி, வாளுக்கும் அதற்கும் நடுவே பிளவு தெரியும்.

தடம் மங்கி மறையும் கணக்கில் ஒரு தவறு செய்திருந்தேன். எட்டுப் புள்ளிகளுக்கும் ஒரே பிறப்பு நேரம் கொடுத்ததால் ஒளி படிப்படியாக, மாடிப்படி போலக் குறைந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் கொடுத்ததும் சீராகிவிட்டது:

```
born  = prevTime + dt * i / n
alpha = max(0, 1 - (now - born) / life)
```

எஞ்சியது தொடக்கத்தில் இருந்த இடைவெளி. தடத்தைத் தொடங்கும் அனிமேஷன் நிகழ்வு இரு பிரேம்களுக்கு நடுவே விழுந்தால், அடுத்த பிரேமில்தான் நமக்குத் தெரியவரும். 20 பிரேமில் அதற்குள் 40 பாகை வரை கடந்திருக்கலாம். இப்போது நிகழ்வுக்கு அனிமேஷனில் குறிக்கப்பட்ட நேரத்திலிருந்தே, பின்னோக்கிச் சென்று புள்ளிகளை நிரப்புகிறேன். முடிவுக்கும் அதே கணக்குத்தான்.