ஒரு பட்டனும் ஒரு கேபிள் டையும்

மேன்பவர் ஏஜென்சியில் ஆட்களை அனுப்பும் வேலை எனக்கு. பேக்கிங்குக்கு என்று ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பிய பையன் ஒரு மாலை போன் செய்தான். "அண்ணா, ரெண்டு நாளா பிரஸ்ல நிக்க வைக்கிறாங்க. பயமா இருக்கு." மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும்போதே போய் நின்றேன்.

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பவர் பிரஸ்ஸை இயக்க இரண்டு பட்டன்களை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேலே இருந்து இரும்பு அச்சு இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருக்கும். அங்கே இடது பட்டன் அழுந்தியபடியே கேபிள் டையால் கட்டப்பட்டிருந்தது. பையன் வலது கையால் அழுத்தினான், இடது கையால் தகட்டைத் தள்ளினான். அவன் விரல் நுனிக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி அளவு இடைவெளி.

அவனை அங்கிருந்தே கூட்டி வந்துவிட்டேன். எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வழி உண்டு. சாதாரணக் குறை என்றால் ஏழு நாள் அவகாசம் கொடுத்து எழுத வேண்டும். உடலுக்கு உடனடி ஆபத்து என்றால் ஆளை உடனே திரும்பப் பெறலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அன்று மதியமே நோட்டீஸ் போனது. எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு, என்ன பார்த்தேன், எந்தப் பிரிவின்படி என்பதோடு, ஒப்புக்கொண்ட வேலையை எங்களைக் கேட்காமல் மாற்றியதையும் எழுதினேன். பையன் புகார் சொன்னான் என்று எழுதவில்லை. நான் பார்த்தது மட்டும்தான். ஒப்பந்தம் முடியவில்லை, இந்த ஆளின் பணி மட்டும் நிறுத்தப்படுகிறது என்று ஒரு வரி சேர்த்தேன். இந்த வரி விடுபட்டால், நோட்டீஸ் காலம் தராமல் ஒப்பந்தத்தை முறித்தீர்கள் என்று பில்லில் கை வைப்பார்கள்.

மாலையே அவர்களின் மேலாளர் பேசினார். "கட்டை அவுத்தாச்சு சார். நாளைக்கு அவனையே அனுப்புங்க, இல்லேன்னா வேற ஆள் குடுங்க." வேறு ஆள் என்றால் வேறு விரல்கள், அவ்வளவுதான். முடியாது என்றேன். கட்டை அவிழ்த்ததால் பிரச்சினை தீராது. சரியான இருகை அமைப்பில் இரண்டு பட்டனும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுந்தினால்தான் இயந்திரம் அசையும். ஒவ்வொரு அடிக்கும் பிறகு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். ஒன்றைக் கட்டிவைத்தும் ஓடுகிறது என்றால் கோளாறு கன்ட்ரோல் சர்க்யூட்டிலேயே இருக்கிறது. அதை மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று அதையும் எழுத்திலேயே அனுப்பினேன்.

எங்கள் ஓனருக்கு முகம் வாடியது, நல்ல வாடிக்கையாளர். பையனுக்கு இடையில் விட்டுப்போன இரண்டு நாள் கூலியை நாங்களே கொடுத்து, மூன்றாம் நாள் வேறு இடத்தில் போட்டோம். கூலி போய்விடும் என்ற பயம் இருந்தால் அடுத்த பையன் போன் செய்யவே மாட்டான்.

பதினோரு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். போய், இடது பட்டனை முதலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சற்று நேரம் விட்டு வலதை அழுத்தினேன். பிரஸ் அசையவில்லை. நாலைந்து தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். அப்புறம்தான் ஆள் அனுப்பினேன், பேக்கிங்குக்கு.