பீளைக்கு முன்னால் வெண்விழியைப் பார்க்க வேண்டும்

பினாங்குத் தீவில் அரசு சுகாதாரக் கிளினிக் ஒன்றின் தாதியாகப் பிரசவித்த தாய்மார்களின் வீடுகளுக்குச் சென்றுவரும் எனக்கு, மஞ்சள் காமாலைக்கு அடுத்தபடியாக அதிகம் காட்டப்படுவது குழந்தையின் ஒட்டிக்கொண்ட கண்தான். தாய் கவலையோடு காட்டுவதற்குள் பாட்டி கைவைத்தியம் ஒன்றைச் செய்து முடித்திருப்பார். அல்லது தந்தை மருந்தகத்தில் சொட்டு மருந்து ஒன்றை வாங்கி வந்திருப்பார். அந்த வீடுகளில் நான் முதலில் செய்வது பீளையைத் துடைத்துவிட்டு, அது எந்த நாளில் தொடங்கியது என்று கேட்பது. காரணம் கண்ணீர்க்குழாய் அடைப்பா, நோய்த்தொற்றா என்ற கேள்விக்கு, குழந்தை பிறந்து எத்தனையாவது நாள் என்பது பாதி விடையைச் சொல்லிவிடும்.

கண்ணீர் வழக்கமாகக் கண்ணின் உள் ஓரத்தில் மேல் இமையிலும் கீழ் இமையிலும் உள்ள இரண்டு நுண்ணிய துளைகள் வழியாக இறங்கி, மூக்கை ஒட்டிய சிறு பையில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் வடிகிறது. கருவில் இக்குழாயின் அடிமுனையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு பிறப்பதற்குச் சற்று முன்போ பிறந்த உடனோ திறந்துகொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு அது திறப்பதில்லை. பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 20 பேருக்கு இப்படி இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆனாலும் அடைப்பு முதல் நாளே வெளிப்படுவதில்லை. தொடக்கத்தில் குழந்தைக்குக் கண்ணீர் சுரப்பதே குறைவு, அழுதால்கூடக் கன்னம் நனைவதில்லை. சுரப்பு அதிகரிக்கும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் வடிய வழியில்லாத கண்ணீர் இமை விளிம்பில் தேங்கத் தொடங்கும். அந்தத் தேக்கத்தில் சளி போன்ற பொருள் சேர்ந்து, தூங்கி எழும்போது இமைமயிர்களை ஒட்டிவிடுகிறது.

நோய்த்தொற்று பெரும்பாலும் இதற்கு முன்னதாகவே வந்துவிடும். பிரசவத்தின்போது தாயின் பிறப்புப் பாதையிலிருந்து தொற்றும் மேகவெட்டைக் கிருமி பொதுவாக இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் இரு கண்களையும் வீங்கச் செய்து, துடைக்கத் துடைக்கச் சுரக்கும் சீழை உண்டாக்கும். அதே வழியில் தொற்றும் கிளாமிடியா என்ற இன்னொரு பால்வினைக் கிருமி ஐந்தாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான இடைவெளியில் வரும். முந்தையது கருவிழியைத் துளைத்துப் பார்வையையே அழிக்கக்கூடியது. அதற்கு ஒரு நாள்கூடத் தேவைப்படாது. ஆகவே, முதல் வாரத்தில் சீழோடு வீங்கிய கண்ணை நான் கண்டால் வீட்டில் எதையும் ஆராய்ந்துகொண்டு நிற்பதில்லை. உப்புநீரால் துடைத்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கிறேன்.

ஆனால் நாள் கணக்கு தனித்து நின்று தீர்மானிக்காது. பன்னிரண்டாம் நாளில் தொடங்கிய பீளை அடைப்பாகவும் இருக்கலாம், கிளாமிடியாவாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது வெண்விழி. அடைபட்ட குழாயில் கண்ணீர் நின்றாலும், பீளை மஞ்சளாகக் கெட்டியாக இருந்தாலும், வெண்விழி வெள்ளையாகவே இருக்கும். இமை மெல்லியதாக, மடிப்புகள் தெளிவாக இருக்கும். தொற்றிலோ வெண்விழியும் இமையின் உட்புறமும் சிவந்து, இமை பருத்து, மடிப்பு மறைந்துவிடும். பீளையின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்க விரும்புபவர்களே அதிகம். நானோ நிறத்துக்கு மிகக் குறைவான மதிப்பையே தருகிறேன்.

வெண்விழியைப் பார்ப்பது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அவ்வளவு எளிதன்று. விளக்கைப் போட்டு இமையைப் பிரித்தால் குழந்தை கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்ளும். சன்னல் திரையைச் சற்று இழுத்து அறையை மங்கலாக்கி, குழந்தையைத் தாயின் தோளில் நிமிர்த்திப் பிடித்தால் தானாகவே கண் திறக்கும். முதல் வாரங்களில் இரண்டு குழப்பங்கள் உண்டு. காமாலையில் வெண்விழி மஞ்சளாகத் தெரியும். அதன்மேல் சிவப்பு இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் மறுமுறை பார்க்க வேண்டும். பிரசவத்தின் அழுத்தத்தால் வெண்விழியில் இரத்தத் திட்டு ஒன்று படிந்திருப்பதும் சாதாரணம். அது ஓரம் தெளிவாகத் தெரியும் ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும், தொற்றைப் போலக் கண் முழுவதும் இரத்தக்குழாய்கள் சிவந்திருக்காது, இரண்டொரு வாரத்தில் தானே கரைந்துவிடும்.

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நான் பார்த்த பெண் குழந்தையின் கண்ணைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அங்கே பல அடையாளங்கள் ஒருசேரக் கிடைத்தன. பிறந்து பதினைந்தாம் நாள். இடது கண் மட்டும் மூன்று நாட்களாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டி தாய்ப்பால் பீய்ச்சி விட்டிருந்தார். அதற்கு மேல் கண்மையும் தீட்டியிருந்தார். தந்தை வாங்கி வந்த குளோராம்பெனிகால் சொட்டு மருந்தும் மேசையில் இருந்தது. கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளியோரம் நோக்கி ஒரே துடைப்பு, பின் அந்தப் பஞ்சை எறிந்துவிட்டுப் புதிய பஞ்சு என்று துடைத்து முடித்த பின், வெண்விழி வெள்ளையாகத் தெரிந்தது. இமை வீங்கவில்லை. வலது கண் முற்றிலும் உலர்ந்திருந்தது. அடைப்பு என்ற சந்தேகம் வலுத்தது.

அப்போது நான் உறுதிசெய்வதற்காகச் செய்யும் செயல் ஒன்று உண்டு. சுத்தமான சுண்டு விரலின் நுனியைக் கண்ணின் உள் ஓரத்துக்குக் கீழே, மூக்கெலும்பின் பக்கவாட்டில் வைத்து மெதுவாக அழுத்தினேன். கண்ணீர்ப்பை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அழுத்திய உடனே கீழ் இமையின் துளை வழியாகத் தெளிவில்லாத சளித்துளி ஒன்று கண்ணுக்குள் எட்டிப் பார்த்தது. தேங்கியது இருக்கிறது, கீழே போகமுடியாமல் மேலே வருகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வீட்டில் கிடைக்காது. (சற்று முன் பிழிந்து துடைத்துவிட்டிருந்தால் துளி வராது, வராததால் மட்டும் அடைப்பு இல்லை என்று சொல்லக் கூடாது.) அந்த இடத்தில் தோல் சிவந்து, தொட்டால் குழந்தை வீறிட்டால், பையிலேயே தொற்று ஏற்பட்டிருக்கிறது என்று பொருள்; அங்கே அழுத்தவே கூடாது, உடனே அனுப்ப வேண்டும். பிறந்த உடனே அதே இடத்தில் நீலநிற உருண்டை தெரிந்தாலும் அப்படித்தான், சில சமயம் அது மூக்குக்குள்ளும் நீண்டு மூச்சைத் தடுக்கும்.

“அப்போ இந்த மருந்து எதுக்கு மிஸ்ஸி? ரெண்டு நாள் விட்டதுல பீளை கொறைஞ்சுதே” என்று தந்தை கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. சொட்டு மருந்து தேங்கிய நீரில் வளர்ந்த கிருமிகளைக் குறைக்கிறது, அதனால் பீளையும் குறைகிறது. ஆனால் சவ்வு அப்படியே இருப்பதால் நீர் மறுபடி தேங்குகிறது, மருந்தை நிறுத்திய சில நாட்களில் பீளையும் மறுபடி வருகிறது. இந்த முன்னேற்றம் தான் பல வீடுகளில் ஒரு புட்டிக்குப் பின் இன்னொரு புட்டியை வாங்க வைக்கிறது. கிளாமிடியாவிலோ நிலைமை இன்னும் மோசமானது: சொட்டு மருந்து கண்ணை ஓரளவு தெளிவாக்கும், ஆனால் குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் கிருமியை அது தொடாது, முதல் மூன்று மாதங்களுக்குள் நிமோனியாவாக அது திரும்பலாம். அதற்கு வாய்வழி மருந்துதான் தேவை, தாய்க்கும் அவர் கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை. இதைப் பாட்டி இருக்கும் அறையில் நான் சொல்வதில்லை. தாயைத் தனியே பார்க்க ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்வேன்.

கண்மையைப் பற்றிப் பாட்டியிடம் பேச எனக்குச் சற்று நேரம் பிடித்தது. “எம் பிள்ளைங்க மூணு பேருக்கும் இதேதான் மிஸ்ஸி தீட்டினேன்” என்றார். சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது, ஒட்டும் கண்ணில் அது துகளாகத் தங்கி விடுகிறது என்பதைச் சொல்லி, நெற்றியில் பொட்டோடு நிறுத்தச் சொன்னேன். தாய்ப்பாலைக் குழந்தை குடிக்கட்டும், கண்ணில் விட வேண்டாம் என்றேன். அதன் சர்க்கரைகள் இமையில் காய்ந்து இன்னும் ஒட்டவைத்தால், அடுத்த முறை பார்க்கும்போது எது பீளை, எது பால் என்று எனக்கும் தெரியாது.

பிறகு தாய்க்கு அழுத்தும் முறையைக் கற்றுக்கொடுத்தேன். நகத்தை வெட்டிக் கையைக் கழுவி, சுட்டுவிரல் நுனியைக் கண்ணின் உள் ஓரத்தில், பையின் மேல் வைத்து, உறுதியாக அழுத்தியபடியே மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கிச் சற்று இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து இழுப்புகள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பால் கொடுக்கும் வேளைகளோடு சேர்த்தால் மறக்காது. பையில் உள்ள நீரைக் கீழே தள்ளிச் சவ்வைத் திறப்பதே நோக்கம். தாய் முதலில் மூக்கின் நடுப்பகுதியைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே பை இல்லை, எலும்புதான் இருக்கிறது. இன்னும் சிலர் கன்னத்தைத் தேய்ப்பார்கள். விரலைச் சரியான இடத்தில் வைத்தால் குழந்தை முகத்தைச் சுளிக்கும், துளை வழியே சளி வரும். அதை அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். வரும் சளியைத் துடைத்துவிட வேண்டும். என் விரலின் அழுத்தத்தை அவர் தம் விரலின் மேல் உணர்ந்த பின்தான் பலம் எவ்வளவு என்று புரிந்தது.

போகும் முன், எதற்காகக் கிளினிக்குக்கு வர வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன்: வெண்விழி சிவப்பது, இமை வீங்குவது, மூக்கோரத்தில் சிவந்த கட்டி, காய்ச்சல், பால் குடிக்காமை. இன்னொன்றைத் தனியாகச் சொன்னேன். கண்ணில் நீர் வழிவதோடு குழந்தை வெளிச்சத்தைக் கண்டு கண்ணை இறுக்கி மூடினால், கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தோன்றினால், அது அடைப்பன்று, கண்ணின் உள் அழுத்தம் கூடும் பிறவிக் குளுக்கோமாவாக இருக்கலாம். அந்த நோயில் கண்ணீர்க்குழாய் திறந்தே இருப்பதால் அழும்போது மூக்கும் நீர் ஒழுகும். முழு அடைப்பில் கண் நனைந்திருக்க, அந்தப் பக்க நாசித் துவாரம் வறண்டிருக்கும். மூக்கைப் பார்க்க யாருக்கும் தோன்றாது என்பதால்தான் இதை நான் மறக்காமல் சொல்கிறேன்.

இருபதாம் நாளில் நான் மீண்டும் போனபோது பீளை இருந்தது, வெண்விழி வெள்ளையாகவே இருந்தது. தொடருமாறு சொன்னேன். ஐந்தாம் மாதத் தடுப்பூசிக்குக் கிளினிக்குக்கு வந்தபோதும் இடது கண்ணில் நீர் நின்றது; அதற்குள் சளி பிடித்து மூக்கடைத்த நாட்களில் மட்டும் ஒட்டுதல் அதிகமாவதைத் தாயே கவனித்திருந்தார். பத்துக்கு ஒன்பது குழந்தைகளுக்குச் சவ்வு முதல் வயதுக்குள் தானே திறந்துவிடும். திறக்காதவர்களைக் கண் மருத்துவரிடம் அனுப்பி, மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தித் திறக்கச் செய்வார்கள். பொதுவாக இதை ஒரு வயதுக்குப் பிறகு, மயக்க மருந்து கொடுத்தே செய்வார்கள். இக்குழந்தைக்கு அந்தத் தேவை வரவில்லை. ஒன்பதாம் மாதத் தடுப்பூசி நாளில் இரண்டு கண்களும் உலர்ந்திருந்தன. பையை அழுத்திப் பார்த்தேன், எதுவும் மேலே வரவில்லை. எந்த நாளில் நின்றது என்று கேட்டபோது தாயால் சொல்ல முடியவில்லை, ஒட்டுவது குறைந்துகொண்டே வந்தது என்றார்.