விருந்துக்கு முன் ஒரு நிமிடப் பிரார்த்தனை

ஓய்வுபெறும் மூத்த ஊழியருக்கான பிரிவு உபசார விருந்தில் பிரார்த்தனையை நடத்தித் தருமாறு அலுவலகத்தில் என்னிடம் கேட்டபோது, எல்லா மதக் கடவுளரின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை கூறினார். நான் அதை ஏற்கவில்லை. அப்படி அடுக்கும்போது யாரோ ஒருவருடைய கடவுள் விடுபடக்கூடும் என்பதோடு, ஒரே இறைவனை மட்டும் வணங்குபவருக்கும் கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் அது நெருடலாகவே இருக்கும்.

ஆகவே, விரும்புவோர் அவரவர் வழியில் வேண்டிக்கொள்ளலாம், மற்றவர்கள் அமைதியாக அமர்ந்திருக்கலாம் என்று முதலிலேயே அறிவித்தேன். எழுந்து நிற்கவோ கண்களை மூடவோ எவரையும் கேட்காமல், ஓய்வுபெறுபவருடைய நலனுக்காக வேண்டியும் சமைத்தவர்களுக்கு நன்றி கூறியும் மூன்றே வாக்கியங்கள் பேசி, அரை நிமிடம் மௌனமாக இருந்தேன். முடிவில் ‘ஆமென்’ போல அனைவரும் திருப்பிச் சொல்ல வேண்டிய சொல் எதையும் வைக்கவில்லை; வைத்தால், சொல்லாதவர் யார் என்று பக்கத்தில் இருப்பவர் கவனிப்பார் (அலுவலகம் அல்லவா!).