அம்மாவின் முட்டி, அடுப்படி டம்ளர்கள்

மே 4, தருமபுரி
முட்டி ஆபரேஷனுக்கு முன்னால் எடை குறைய வேண்டுமாம். எடை குறையும் என்று சித்தி சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அடுப்படி மேடை முழுக்க டம்ளர்கள்: எலுமிச்சையும் தேனும், சீரகத் தண்ணீர், வினிகர், ஊறவைத்த வெந்தயம்.

மே 6
அம்மா எலுமிச்சைத் தண்ணீரில் ஒரு பெரிய கரண்டி தேன் ஊற்றுகிறாள். "தேன் கொழுப்பைக் கரைக்கும் கண்ணு." அந்தக் கரண்டியில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது, சர்க்கரை மட்டும் சுமார் 17 கிராம். கொழுப்பைக் கரைக்கும் சக்தி தேனுக்கும் இல்லை, எலுமிச்சைக்கும் இல்லை. சர்க்கரை போட்ட காபிக்குப் பதிலாக வெறும் எலுமிச்சைத் தண்ணீர் குடித்தால் காபியின் சர்க்கரை மிச்சம், அது நிஜமான லாபம். தேன் அந்த லாபத்தைத் தின்றுவிடுகிறது. அம்மாவுக்குச் சுகரும் இருக்கிறது.

மே 7
சீரகத் தண்ணீர் குடித்தால் வயிறு லேசாக இருக்கிறதாம். இருக்கட்டும், கெடுதல் இல்லை. ஈரானில் 2014-இல் வந்த ஆய்வில் எடை சற்றுக் கூடுதலாகக் குறைந்தது, ஆனால் அவர்கள் சாப்பாட்டையும் குறைத்து, தினம் 3 கிராம் சீரகப் பொடியைத் தயிரில் கலந்து மூன்று மாதம் சாப்பிட்டவர்கள். வடிகட்டிய தண்ணீர் அது இல்லை.

மே 9
வினிகரை அம்மா அப்படியே விழுங்கப் போனாள். பிடுங்கி வைத்தேன். தொண்டை எரியும், பல் எனாமல் அரியும். ஜப்பானில் 2009-இல் வந்த ஆய்வில் 12 வாரம் தினம் 15 மில்லி வினிகரைத் தண்ணீரில் கலந்து குடித்தவர்களுக்கு ஒரு கிலோ சொச்சம்தான் குறைந்தது. நிறுத்தியதும் எடை திரும்ப ஏறத் தொடங்கியது.

மே 10
தூக்கம் இல்லை.

மே 12
காலையில் அம்மாவுக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 62-க்கு இறங்கியிருந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 94. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. உடனே இட்லி கொடுத்தேன்.

நடந்தது இதுதான். சுகருக்கான கிளிமிபிரைடு மாத்திரை போட்டாள், ஊறவைத்த வெந்தயம் தின்றாள், வயிறு நிறைந்துவிட்டது என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெந்தயத்தின் நார் ஊறிப் பருத்துப் பசியை அடக்குகிறது, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதையும் மெதுவாக்குகிறது. நாலு டம்ளர்களில் கண்கூடாக வேலை செய்வது இதுதான். அதனால்தான் மாத்திரையோடு சேரும்போது பயம். விதையைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தால் நாரில் பெரும்பகுதி விதையோடு போய்விடும்.

மே 13
டாக்டரிடம் டம்ளர் ஒவ்வொன்றையும் சொன்னேன். மாத்திரை அளவைக் குறைத்தார். வெந்தயம் ஒரு ஸ்பூன் போதும், சாப்பாட்டோடு மட்டும் என்றார்.

மே 15
ராத்திரி களி உருண்டையைப் பாதியாக்கி, கீரைக் கடைசலை இரட்டிப்பாக்கினேன். அம்மா பேசவில்லை. சித்தி போனில், "தேனை மட்டும் நிறுத்தாதே" என்கிறாள்.