கண்மாயும் காலாண்டுத் தவணையும்

மார்ச் 7, 2024

எங்கள் தொண்டு அமைப்புக்கு ஒப்பந்த வரைவு இன்று வந்தது. ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் நிதி, ஓராண்டுக்கு 36 லட்சம். முதுகுளத்தூர் பக்கம் மூன்று கண்மாய்களைத் தூர்வாரி, மடையையும், உபரி நீர் வழியும் கலுங்கையும் சரிசெய்ய வேண்டும். பாதிப் பணம், அதாவது 18 லட்சம், கண்மாய் வேலைக்கு. மீதி 18 லட்சம் சம்பளம், வாடகை, பயணம், ஊர்க்கூட்டம் என்று மாதம் ஒன்றரை லட்சமாகப் போகும்.

அலுவலகத்தில் எல்லோரும் பட்ஜெட் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் நின்றது கடைசி இணைப்பில். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று நான்கு தவணை, ஒவ்வொன்றும் 9 லட்சம். இரண்டாவது தவணையிலிருந்து, கையிலிருக்கும் நிதியில் 75 சதவீதம் செலவாகியிருந்தால்தான் அடுத்தது வரும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய்க்குள் மண்வெட்டும் இயந்திரம் இறங்க முடிவது கோடையிலிருந்து செப்டம்பர் வரைதான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். தண்ணீர் நின்றுவிட்டால் அடுத்த கோடைவரை மண்ணைத் தொட முடியாது. பணம் சமமாக வரும், வேலை சமமாக வராது. இன்று இரவு இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மார்ச் 8

போட்டேன். நினைத்ததைவிட மோசம்.

"ஜூலைத் தவணை" என்று எழுதியிருந்தாலும் ஜூலை 1 அன்று பணம் வராது. ஜூன் 30 கணக்கை முடித்து, ஆடிட்டர் கையெழுத்துடன் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப இரண்டு வாரம் ஆகும். அவர்கள் சரிபார்த்து, களத்தைப் பார்த்து, ஒப்புதல் வாங்கிப் பணம் அனுப்ப இன்னும் நான்கு வாரம். ஆக, ஆகஸ்ட் நடுவில்தான் வங்கியில் ஏறும். அந்த ஒன்றரை மாதத்துக்குச் சம்பளமும் வாடகையும் முந்தைய தவணையின் மிச்சத்திலிருந்துதான் போக வேண்டும். அது 2.25 லட்சம். இந்தப் பணத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது.

முதல் 9 லட்சத்தில் மூன்று மாதச் சம்பளம், வாடகை வகைக்கு 4.5, கையிருப்பு 2.25 போனால் கண்மாய்க்கு நிற்பது 2.25 லட்சம். அடுத்த 9 லட்சம் ஆகஸ்ட் நடுவில் வந்தால், செப்டம்பர் முடிவதற்குள் 4.5 லட்சம் கண்மாயில் போடலாம். மழைக்கு முன் மொத்தமே 6.75 லட்சம். 18 லட்ச வேலையில் இது பாதிகூட இல்லை. மீதிப் பணம் கண்மாய் நிறைந்த பிறகு வந்து வங்கியில் கிடக்கும்.

மார்ச் 12

செயலாளர் அக்காவும் நானும் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் அதிகாரியோடு பேசினோம். தொகையை மாற்றச் சொல்லவில்லை, தவணைகளை மட்டும் 40, 35, 15, 10 சதவீதமாக மாற்றக் கேட்டோம். அதாவது 14.4, 12.6, 5.4, 3.6 லட்சம். இப்படி வந்தால் செப்டம்பருக்குள் 15.75 லட்சம் கண்மாயில் போகும். மழைக்குப் பிறகு செய்யக்கூடிய மடை ஷட்டர், கரைப் பராமரிப்பு மாதிரி வேலைகளுக்கு 2.25 லட்சம் மிஞ்சும்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. "மழைக்கு முன்னாடியே முக்கால் பணத்தைக் கொடுத்துட்டா எங்களுக்கு என்னங்க பிடிமானம்?" தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் மட்டம் எடுத்து, வெட்டிய மண்ணின் கன அளவோடுதான் பில் வைப்போம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் மாற்றச் சொன்னேன். வரைவில் "கையிலிருக்கும் நிதியில் 75 சதவீதம்" என்று இருந்தது. எங்கள் திட்டப்படியே எல்லாம் நடந்தாலும் மூன்றாவது காலாண்டில் இது இடிக்கும். அப்போது கையில் இருப்பது 7.65 லட்சம், செலவு 5.4, அதாவது 71 சதவீதம்தான். தவணை சிறிதாகும்போது கையிருப்பு மட்டும் அதே 2.25 ஆக நிற்பதால் விகிதம் இறங்கிவிடுகிறது. "தொடக்கத்திலிருந்து பெற்ற மொத்தத்தில் 75 சதவீதம்" என்று மாற்றினால் அதே செலவு 93 சதவீதமாகத் தெரியும். வரைவு எழுதியவருக்கு இது சின்னத் திருத்தம். எங்களுக்கு நான்காவது தவணையே இதில்தான் இருக்கிறது.

மார்ச் 18

மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்து 16-ஆம் தேதியே நடத்தை விதிகள் தொடங்கிவிட்டன. ஒரு கண்மாய்க்கு மட்டும் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் ஜூன் 4, வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. செலவுத் திட்டத்தை இன்றே திருத்தி வைத்தேன்.

மே 22

முதல் தவணை ஏப்ரலில் வந்து, முதல் கண்மாயில் வேலையும் நடந்துகொண்டிருந்தது. நான்கைந்து நாளாகக் கோடைமழை. கண்மாய்க்குள் சேறு, டிப்பர் இறங்கவில்லை. விவசாயிகளுக்கு நல்ல மழை, அவர்கள் முகத்தைப் பார்த்தால் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஜூன் 30-க்குள் 75 சதவீதம் எட்டாது என்பது இன்றே தெரிகிறது.

ஜூன் 27

இதுவரை சம்பளம், வாடகை வகையில் 4.5 லட்சம், கண்மாயில் 3.6 லட்சம். மொத்தம் 8.1 லட்சம், பெற்றதில் 56 சதவீதம்.

ஜேசிபி வைத்திருக்கும் அண்ணனுக்கு மூன்று லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டால் 75-ஐத் தாண்டிவிடலாமே என்று களப்பணியாளர் தம்பி கேட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். ஆனால் முன்பணம் செலவாகாது. ஆடிட்டர் அதைப் பயன்பாட்டுச் சான்றிதழில் "நிலுவை முன்பணம்" என்று தனி வரியில் காட்டுவார், சதவீதம் 56-லேயே நிற்கும். அதோடு, மூன்று லட்சம் நம் கையை விட்டும் போயிருக்கும். வேலை முடிந்து, அளந்து, பில் வந்தால்தான் செலவு.

வேறு திட்டத்தின் பணத்தைக் கொஞ்ச நாள் திருப்பிக்கொள்வதும் கூடாது. அதைத் தந்தவர் வேறொரு வேலைக்குத் தந்திருக்கிறார். இப்படிக் கைமாற்று வாங்க எங்கள் அமைப்பின் சொந்தப் பொதுநிதி மட்டும்தான் வழி. எங்களிடம் அது ஒரு மாதச் சம்பளத்துக்கே போதாது.

அதனால் அதிகாரிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினோம். அனுமதி வந்த தேதி, மழை நாட்கள், இப்போதைய செலவு எல்லாம் அதில் இருக்கிறது. ஒரே ஒரு கோரிக்கை: காலாண்டு முடிவு என்று காத்திருக்காமல், 75 சதவீதத்தைத் தொடும் நாளில் இடைக்காலச் சான்றிதழ் அனுப்புகிறோம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜூலை 24

ஏற்றுக்கொண்டார்கள். மற்ற இரண்டு கண்மாய்களுக்கும் அனுமதி கிடைத்து வேலை ஓடுகிறது. இந்த மாதம் 3 லட்சத்துக்கு பில் வந்தது. மொத்தம் 11.1 லட்சம், 77 சதவீதம். சான்றிதழை இன்று அனுப்பினேன்.

மிச்சம் 3.3 லட்சம். தவணை வரும்வரை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "காசு அப்புறம் வாங்கிக்கிறேன், ஓட்டட்டுமா?" என்று ஜேசிபி அண்ணன் கேட்டார். அவருக்கும் டீசல் கடன், வண்டித் தவணை இருக்கிறது. வராத பணத்தை நம்பி வேலை உத்தரவு கொடுத்து, தவணை தள்ளிப்போனால் மாட்டிக்கொள்வது அவர்தான். காய்ந்த கண்மாய் சும்மா கிடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 27

12.6 லட்சம் நேற்று வரவானது. ஜூலைச் சம்பளம், வாடகை போக மிச்சத்தோடு சேர்த்து 14.4 லட்சம் இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கு 3 லட்சம், அக்டோபரைத் தாண்ட 2.25 லட்சம் எடுத்து வைத்தால் கண்மாய்க்கு 9.15 லட்சம். நாளையிலிருந்து இரண்டு கண்மாய்களிலும் தனித்தனி இயந்திரம். வண்டல் எடுத்துப் போக விவசாயிகள் டிராக்டரோடு வரிசை நிற்கிறார்கள்.

அக்டோபர் 5

இரண்டு கண்மாய்கள் முழுவதும் முடிந்தன. மூன்றாவதில் 1.5 லட்ச வேலை பாக்கி. நல்ல மழை ஒன்று பெய்து உள்ளே ஈரம் ஏறிவிட்டது, இனி இந்த வருடம் இறங்க முடியாது.

பெற்றது 27 லட்சம், செலவு 23.25, அதாவது 86 சதவீதம். தவணைக்குத் தடை இல்லை. ஆனால் இந்த 1.5 லட்சம் மார்ச் 31 வரை செலவாகாது என்பதை இப்போதே அதிகாரியிடம் சொன்னோம். நிறுவனத்துக்கு இது முக்கியம். எங்களுக்குப் பணம் அனுப்பியதாலேயே அவர்கள் கணக்கில் சிஎஸ்ஆர் செலவாக ஆகிவிடாது. செயல்படுத்தும் அமைப்பு செலவழித்தால்தான் செலவு என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021-லேயே விளக்கியிருக்கிறது. நிதி ஒப்புக்கொண்டபடி பயன்பட்டது என்று அவர்களுடைய தலைமை நிதி அலுவலர் சான்று தர வேண்டும். மார்ச் கடைசியில் இதைக் கேள்விப்பட்டால் அவர்களால் எதுவும் ஏற்பாடு செய்ய முடியாது. அக்டோபரில் தெரிந்தால் முடியும்.

நவம்பர் 21

நேற்று ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. கரைகளைப் போய்ப் பார்த்தோம், உடைப்பு எதுவும் இல்லை. முதல் கண்மாயில் கலுங்கு தொடத் தண்ணீர். மூன்றாவது தவணை 5.4 லட்சம் போன வாரம் வந்தது.

ஜனவரி 8, 2025

டிசம்பர் கணக்கு முடிந்தது. இந்தக் காலாண்டில் கையிலிருந்ததோடு மட்டும் ஒப்பிட்டால் செலவு 59 சதவீதம். பழைய வரைவின்படி கடைசித் தவணை நின்றிருக்கும். மொத்தத்தில் பார்த்தால் 88.

கையில் 3.75 லட்சம். மார்ச் வரை தேவை 5.85 லட்சம். ஆகவே 3.6 லட்சத் தவணையில் 2.1 லட்சம் மட்டும் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினோம். வர வேண்டிய பணத்தை ஏன் விட வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். விடவில்லை. மீதி 1.5 லட்சத்தை, தொடரும் திட்டத்தின் பணம் என்று, நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் நிறுவனம் செலவாகாத சிஎஸ்ஆர் தொகைக்கான தனி வங்கிக் கணக்கில் போட்டு வைக்கும். மூன்று நிதியாண்டுக்குள் அதைச் செலவழிக்கலாம். அதிகாரி தொலைபேசியில் சம்மதம் சொல்லிவிட்டார், எழுத்தில் வர வேண்டும்.

மூன்றாவது கண்மாயின் அனுமதிக்கு நீட்டிப்பு கேட்கும் விண்ணப்பத்தையும் இன்றே தயார் செய்தேன். அறுவடை முடிந்து தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை அதுதான்.