நாலாவது தெரியாக்கணியம்

மூன்று வாரமாக மொட்டைமாடியில் ஒரு பிஸ்கட் டின் மூடி வெயில் காய்கிறது. அதன் நடுவில் ஒட்டியிருப்பது ஜிபிஎஸ் அன்ரனா. ரிசீவர் தரும் அட்சரேகையை அப்படியே எடுக்காமல், மூல அளவீடுகளை எடுத்து நானே இடத்தைக் கணித்துப் பார்ப்பதுதான் திட்டம்.

மூல அளவீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. செய்மதி சமிக்ஞையில் கிளம்பிய நேரம் பொறித்திருக்கிறது. வந்து சேர்ந்த நேரத்தை ரிசீவர் தன் மணிக்கூட்டில் பார்க்கிறது. வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். தலைக்கு நேர் மேலே நிற்கும் செய்மதியிலிருந்து வர ஏறத்தாழ 67 மில்லிசெக்கன். இதில் ஒரு மைக்ரோசெக்கன் பிசகினால் 300 மீற்றர் பிசகும். செய்மதியில் இருப்பது அணுக் கடிகாரம், என் ரிசீவரில் இருப்பது மலிவான குவார்ட்ஸ் படிகம். ஆகவே x, y, z உடன் ரிசீவர் மணிக்கூட்டின் பிழையையும் தெரியாக்கணியமாக வைக்க வேண்டும். நாலுக்கு நாலு செய்மதி வேண்டும். எனக்கு எட்டு கிடைத்தன.

```python
r = np.linalg.norm(S - x[:3], axis=1)
H = np.c_[-(S - x[:3]) / r[:, None], np.ones(len(r))]
x += np.linalg.lstsq(H, P - r - x[3], rcond=None)[0]
```

`S` செய்மதிகளின் இடம், `P` அளந்த தூரம், `x[3]` மணிக்கூட்டுப் பிழை மீற்றரில். பூமியின் மையத்திலிருந்து தொடங்கினாலும் ஆறேழு சுற்றில் ஓரிடத்தில் நின்றுவிடும். நின்றது. பருத்தித்துறைக்கு அப்பால், நடுக்கடலில்.

எட்டுச் சமன்பாட்டின் எச்சங்களையும், அதாவது அளந்த தூரத்துக்கும் கணித்த தூரத்துக்கும் மிஞ்சிய வித்தியாசங்களையும், அச்சிட்டேன். மீற்றர் கணக்கில் இருக்க வேண்டியவை பத்துக் கிலோமீற்றர் கணக்கில் நின்றன. ஏதோ ஒன்று செய்மதிக்குச் செய்மதி வேறுபடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். செய்மதிக் கடிகாரங்கள் சீராக ஓடுமே தவிர, ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பதில்லை. என் பதிவில் ஒன்று 0.3 மில்லிசெக்கன் விலகியிருந்தது. அது மட்டும் 90 கிலோமீற்றர். ரிசீவரின் பிழை எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு ஏறும், அதனால் நாலாவது கணியம் அதை விழுங்கிவிடும். செய்மதியின் பிழையை விழுங்க ஆளில்லை. திருத்தம் அந்தச் செய்மதியே அனுப்பும் தரவில் `af0`, `af1` என்று வருகிறது. அதை ஒளியின் வேகத்தால் பெருக்கி `P`யுடன் சேர்த்ததும் புள்ளி எங்கள் வளவுக்கு வந்தது.

சரி, `H`இல் மணிக்கூட்டுக்கான நாலாவது நிரலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அன்றைக்கு ரிசீவர் மணிக்கூடு 0.2 மில்லிசெக்கன் முந்தியிருந்தது. எல்லாத் தூரமும் 60 கிலோமீற்றர் கூடுதல். செய்மதிகள் எல்லாம் மேலே நிற்பதால், எல்லாவற்றிலிருந்தும் ஒரேயடியாக விலக ஒரே வழிதான், கீழே போவது. விடை நிலத்துக்கு 80 கிலோமீற்றர் அடியில். பக்கத்தில் நின்ற மருமகன், "அப்ப மாமா, கிணறு வெட்டத் தேவையில்லை" என்றான்.

அவன் சொன்ன கிணற்றடிக்கே அடுத்த நாள் அன்ரனாவைக் கொண்டுபோனேன். சுற்றிலும் மதிலும் மாமரமும்; அடிவானத்திலிருந்து 55 பாகைக்கு மேலே நின்ற ஐந்து செய்மதிதான் அகப்பட்டன. கிழக்கு மேற்கு பரவாயில்லை, உயரம் 40 மீற்றர் வரை ஆடியது. காரணம் இதுதான்: நான் ஒரு மீற்றர் இறங்கினால் நேர் மேலே உள்ள செய்மதிக்குத் தூரம் ஒரு மீற்றர் கூடும், 30 பாகையில் உள்ளதற்கு அரை மீற்றர்தான். மணிக்கூட்டுப் பிழையோ இரண்டுக்கும் ஒரே அளவு. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் உயரத்தையும் மணிக்கூட்டையும் கணக்கு பிரித்தறிகிறது. தாழ்ந்த செய்மதிகள் மறைந்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மணிக்கூட்டின் வழக்கமான நகர்வைக் கழித்துவிட்டுக் கீறிப் பார்த்தேன். உயரம் ஏறும்போதெல்லாம் `x[3]`உம் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது.

மீண்டும் மாடிக்கு வந்தேன். ஆட்டம் நின்றது. ஆனால் உயரம் பூச்சியத்துக்குக் கீழே 90 மீற்றருக்கும் மேல்! திரும்பவும் மணிக்கூடு என்று இரண்டு இரவு வீணாக்கினேன். எச்சங்கள் சில மீற்றருக்குள், செய்மதிகள் மாறியும் எண் அசையவில்லை. மணிக்கூட்டுப் பிழை இப்படி அடங்கி நிற்காது. பிழை எதுவும் இல்லைதான். என் கணக்கு தருவது பூமிக்கு வரைந்த நீள்வட்டத் திண்மத்திலிருந்து உயரம், கடல் மட்டத்திலிருந்து அல்ல. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்புக் குறைவு. அங்கே கடல் மட்டமே அந்தத் திண்மத்துக்கு நூறு மீற்றருக்கும் அதிகமாகத் தாழ்ந்திருக்கிறது, அந்தத் தாழ்வு யாழ்ப்பாணம் வரை எட்டுகிறது. ரிசீவர் தானே கணித்த இடத்தை எழுதும் `GGA` வரியைப் பார்த்தேன். உயரத்துக்குப் பக்கத்திலேயே அந்த வித்தியாசம் எழுதியிருந்தது, கழித்தல் குறியுடன்.